ஃபோனில் ஒருவர் மட்டும் பேச, வாசகருக்கு இருவர் பேசுவதும் கேட்க வேண்டும்: முழுமையான வழிகாட்டி

பஸ்ஸில் பின் சீட்டில் யாராவது ஃபோன் பேசினால் கையில் இருக்கும் புத்தகம் ஓடாது. இருவர் நேருக்கு நேர் பேசிக்கொண்டு வந்தால் அந்தத் தொந்தரவு அவ்வளவு இருப்பதில்லை. 2010-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கவனம் தேவைப்படும் ஒரு வேலையைச் செய்துகொண்டிருந்தவர்களுக்குப் பாதி உரையாடல் காதில் விழுந்தபோது அவர்கள் தடுமாறினார்கள், முழு உரையாடலைக் கேட்டபோது அந்தத் தடுமாற்றம் இல்லை. அடுத்து என்ன வரும் என்று ஊகிக்க முடியாதபோது மூளை அந்த ஓட்டையை அடைக்கப் போய்விடுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

கதை எழுதுகிறவருக்கு இது பெரிய வசதி. பாதியைக் கொடுத்தால் மீதியை வாசகர் தானே கட்டிக்கொள்வார், கட்டச் சொல்லிக் கெஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அவர் கட்டுவது நாம் நினைத்ததாக இருக்க வேண்டுமே, வேலை முழுக்க அங்கேதான் இருக்கிறது. ஒரே காட்சியை எடுத்துக்கொண்டு அதைக் கடைசிவரை செய்து பார்ப்போம்.

காட்சி இது. அம்மாவுக்கு அவள் தம்பி ஃபோன் செய்கிறான். ஊரில் இருக்கும் அப்பா வீட்டை விற்கப் போகிறான், முன்பணமும் வாங்கிவிட்டான். அக்கா விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுத் தன் பங்கை விட்டுக்கொடுத்தால்தான் பதிவு நடக்கும். அதற்கு ஏதோ கொஞ்சம் பணம் தருகிறேன் என்கிறான். அவள் தயங்குவது தெரிந்ததும் பக்கத்தில் இருக்கும் பெரியப்பாவிடம் ஃபோனைக் கொடுத்துவிடுகிறான். அதே அறையில் படித்துக்கொண்டிருக்கும் மகளுக்கு அம்மாவின் குரல் மட்டும் கேட்கிறது.

1. கேட்பது யாருடைய காது?

இதை முடிவு செய்யாமல் ஒரு வரிகூட எழுதாதீர்கள். ஃபோனைக் காதில் வைத்திருப்பவரே கதை சொல்கிறவராக இருந்தால், அவருக்கு எதிர்முனை கேட்கிறது. அதை வாசகரிடம் மட்டும் மறைத்தால் அது ஏமாற்று வேலை, வாசகர் அதைக் கண்டுபிடித்துவிடுவார். அதனால் மூன்றாவது ஆள் ஒருவர் வேண்டும். கதவுக்கு அந்தப் பக்கம், அடுத்த இருக்கையில், ஒரே கட்டிலில், எங்கேயாவது. அந்த ஆளுக்கும் இந்த ஃபோனில் ஏதாவது சம்பந்தம் இருந்தால் இன்னும் நல்லது. நம் மகளுக்கு இருக்கிறது, கீழே பார்ப்போம்.

2. முதலில் இரண்டு பக்கத்தையும் எழுதுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். ஒரு பக்கத்தை மட்டும் நேரடியாக எழுதினால், எதிர்முனையில் ஆளே இல்லாமல் போய்விடுகிறது, அம்மா சுவரோடு பேசுவது போல இருக்கும். ஆகவே நாடகம் மாதிரி முழுவதையும் எழுதுங்கள். தம்பி வாயைத் திறந்ததும் விஷயத்துக்கு வரமாட்டான், "சாப்பிட்டியா"வில்தான் ஆரம்பிப்பான். விற்பதைப் பற்றிச் சொல்லும்போது "வித்துடலாம்னு இருக்கேன்" என்பானா, "வித்துட்டோம்" என்பானா? பணத்தைப் பற்றிச் சொல்லும் முன்னால் அவன் எதை இழுப்பான்? என் வரைவில் அவன் அக்காவுக்குப் போட்ட நகையை இழுத்தான். இப்படி எழுதியது இரண்டு பக்கம் வந்தது. அந்த இரண்டு பக்கத்தில் தம்பியின் பேச்சுதான் அதிகம், அக்கா பேசியது மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. இதையும் மனதில் வையுங்கள், செய்தி சொல்கிறவர்தான் அதிகம் பேசுவார், நாம் எழுதப்போவது வாங்கிக்கொள்கிறவரின் பக்கத்தை.

3. எதிர்முனையை அடியுங்கள்

பென்சிலால் தம்பியின் வரிகள் எல்லாவற்றையும் கோடு போட்டு அடியுங்கள். அடித்த ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் ஒரு குறி போடுங்கள். சில வரிகளை அக்காவின் பதிலே சொல்லிவிடும், அவற்றை விட்டுவிடலாம். சில வரிகள் தொலைந்தால் கதைக்கு ஒரு நஷ்டமும் இல்லை. வாங்குகிறவர் யார், எந்த ஊர்க்காரர் என்று தம்பி ஐந்து வரி பேசியிருந்தான், அது "ம்" என்ற ஒரு எழுத்தில் போகட்டும். மிச்சம் இருப்பவைதான் வாசகருக்குக் கண்டிப்பாகப் போய்ச் சேர வேண்டியவை. இந்தக் காட்சியில் அப்படி நான்கு: அப்பா வீடு விலை போகிறது, அக்கா கையெழுத்து வேண்டும், தருகிற பணம் அற்பம், பேசுகிற ஆள் நடுவில் மாறுகிறார். நான்குக்கு மேல் வந்தால் அந்த ஃபோன் பேச்சைத் தாங்காத சுமையோடு அனுப்புகிறீர்கள் என்று அர்த்தம், கொஞ்சத்தை வேறு காட்சிக்கு மாற்றுங்கள்.

4. கிளிப்பிள்ளையை விரட்டுங்கள்

அடித்ததும் பயம் வரும், வாசகருக்குப் புரியாதோ என்று. உடனே கை இப்படி எழுதும்:

"என்னது, அப்பா வீட்டை விக்கப்போறியா? அட்வான்ஸ் வேற வாங்கிட்டியா? வெள்ளிக்கிழமை நான் வந்து கையெழுத்துப் போடணுமா? ரெண்டு லட்சம் தருவியா?"

சீரியல்களில் தினமும் கேட்கிறோம். யாரும் இப்படிப் பேசுவதில்லை. கேட்டதைத் திருப்பிச் சொல்வது உண்மையில் நடக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதிர்ச்சியில், நம்ப முடியாத ஓரிரு சொல்லைத்தான் திருப்பிச் சொல்வோம். "வெள்ளிக்கிழமையா?" என்று கேட்டால் கிழமைதான் அவளைக் குத்துகிறது என்று பொருள். காட்சிக்கு ஓரிரு தடவை மட்டும் இந்த உரிமையைப் பயன்படுத்துங்கள், அதுவும் ஓரிரு சொல்லாக.

மற்ற இடங்களில் என்ன செய்வது? கேட்ட செய்தி உண்மை என்று ஏற்றுக்கொண்டு அதற்கு அடுத்த படியிலிருந்து பேச வைக்க வேண்டும். "அட்வான்ஸ் வாங்கிட்டியா?" என்பதற்குப் பதில் "வாங்குறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல" என்று அவள் சொன்னால், அவன் வாங்கிவிட்டான் என்பதும் தெரிகிறது, கேட்காமல் வாங்கினான் என்பதும் தெரிகிறது, அவள் மனசும் தெரிகிறது. கையெழுத்துக்கும் அப்படியே. "என் கையெழுத்து இல்லாம பதிய மாட்டாங்கன்னு யார் சொன்னா, பத்திரம் எழுதுறவரா?" தம்பி சொன்ன வாக்கியம் அந்தக் கேள்விக்குள்ளேயே கிடக்கிறது.

பணத்துக்கு எண்ணே வேண்டாம். ரெண்டு லட்சம் என்று எழுதினால் அது இந்த வீட்டுக்குப் பெரிய தொகையா சின்னத் தொகையா என்று வாசகருக்குத் தெரியாது. அதை அவள் எதோடு ஒப்பிடுகிறாள் என்பதைச் சொல்லுங்கள். "அதுல இவளுக்கு ஒரு வருஷ ஃபீஸ்கூட வராதேடா." இப்போது அதே அறையில் படிக்கும் மகளுக்கு இந்த ஃபோனில் பங்கு வந்துவிட்டது.

5. தமிழ் இலவசமாகத் தருவதை வாங்கிக்கொள்ளுங்கள்

எதிர்முனையில் யார் என்பதைச் சொல்ல நமக்கு ஒரு தனி வாக்கியம் தேவைப்படுவதே இல்லை. "சொல்லுடா" என்றதும் இளையவன் அல்லது ரொம்ப நெருங்கியவன், ஆண். "சொல்லுடி", "சொல்லுங்க", "சொல்லும்மா", ஒவ்வொன்றும் ஒரு ஆளைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. வினைமுற்றின் விகுதி ஒன்று மாறினால் ஃபோன் கை மாறிவிட்டது என்று அர்த்தம். "டா" போட்டுப் பேசிக்கொண்டிருந்தவள் திடீரென்று "சொல்லுங்க பெரியப்பா" என்றால், 'அப்போது தம்பி பெரியப்பாவிடம் ஃபோனைக் கொடுத்தான்' என்று எழுதுவது வீண்.

உறவுச் சொல்லைப் பயன்படுத்தும்போது ஒரு எச்சரிக்கை. ஒரே உறவை ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு வீட்டிலும் வேறு மாதிரி கூப்பிடுகிறார்கள். உங்கள் பாத்திரத்தின் ஊர் எதுவோ அதற்குள்ளேயே நில்லுங்கள். "மாமா" என்ற சொல் கணவனாகவும் இருக்கலாம், தாய்மாமனாகவும் இருக்கலாம், மாமனாராகவும் இருக்கலாம். அது வருகிற இடத்தில் பக்கத்திலேயே இன்னொரு துப்பு வையுங்கள்.

அடுத்தது "நம்ம", "எங்க". ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு இந்த வசதி கிடையாது. தம்பியிடம் "நம்ம அப்பா" என்றால் அவனையும் சேர்த்துக்கொள்கிறாள். பெரியப்பாவிடம் "எங்க அப்பா கட்டின வீடுங்க அது" என்றால் அவரை மரியாதையோடு வெளியே நிறுத்துகிறாள். எதிர்த்து ஒரு வார்த்தை பேச முடியாத ஒருத்தி, ஒரு சொல்லில் எதிர்த்துவிட்டாள். முதல் வரைவில் நான் இதைக் கவனிக்காமல் இரண்டு இடத்திலும் "நம்ம" என்று எழுதியிருந்தேன், சத்தமாகப் படித்தபோதுதான் பெரியப்பாவிடம் அந்தச் சொல் பொருந்தாமல் இடறியது.

"வா", "போ" இரண்டும் யார் எங்கே இருக்கிறார்கள் என்று சொல்லிவிடும். "இங்க வர்றியா", "நான் அங்க வரணுமா", இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

6. மௌனத்தை அளந்து போடுங்கள்

வாசகருக்கு எதிர்முனை கேட்காது, ஆனால் எதிர்முனை பேசும் நேரம் கழிவது தெரிய வேண்டும். சின்ன இடைவெளிக்கு மூன்று புள்ளி போதும். எதிர்முனை நாலு வாக்கியம் பேசுகிறது என்றால் புள்ளிகளை நீட்டாதீர்கள், கைக்கு ஒரு வேலை கொடுங்கள். நான் அம்மாவின் கையில் முருங்கைக்கீரையைக் கொடுத்தேன். கீரை ஆய்கிற கைக்கு ஒரு சீரான வேகம் இருக்கிறது, அது நின்றால் வாசகருக்குத் தெரியும், அவள் முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை எழுத வேண்டாம். வேலையை ஆரம்பத்திலேயே காட்டிவிடுங்கள். நிற்க வேண்டிய இடத்தில் புதிதாக ஒரு பாத்திரத்தை அவள் கையில் கொடுத்துக் கீழே போட வைத்தால் அது சினிமா.

எவ்வளவு மௌனம் போதும்? 2009-ல் பத்து மொழிகளில் பேச்சைப் பதிவு செய்து அளந்த ஓர் ஆய்வில், ஒருவர் கேள்வி முடிந்து மற்றவர் பதில் தொடங்கச் சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆகிறது என்று தெரிந்தது. பேச்சு அவ்வளவு வேகம். அதனால் ஒரு முழு நொடி பதில் வராவிட்டாலே எதிராளிக்கு உறைத்துவிடும், "லைன்ல இருக்கியா?" என்று கேட்பான். நம் பக்கத்தில் அது "இருக்கேன்" என்று மட்டும் வரும். அந்த ஒற்றைச் சொல்லில், அவள் பேசாமல் நின்றதும் அவன் பயந்து கேட்டதும் இரண்டும் இருக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்த கருவி இது.

7. எடுப்பதும் வைப்பதும்

தொலைபேசிப் பேச்சின் தொடக்கத்தை முதலில் விரிவாக ஆராய்ந்தவர் அமெரிக்கச் சமூகவியலாளர் இமானுவேல் ஷெக்லாஃப். 1968-ல் வெளிவந்த கட்டுரையில், காவல்துறைக்கு வந்த அழைப்புகளை வைத்து, மணி அடிப்பது ஒரு கூப்பிடுதல், எடுத்தவர் பேசும் முதல் சொல் அதற்கான பதில் என்று காட்டினார். லேண்ட்லைன் காலத்தில் அந்தப் பதில் "ஹலோ" ஒன்றுதான், யார் என்று அதற்கப்புறம்தான் தெரியும். இன்று திரையில் பெயர் வந்துவிடுகிறது, எடுக்கும்போதே "சொல்லுடா". எனவே உங்கள் கதை 1990-களில் நடந்தால் "யாரு பேசுறது?" வேண்டும், இன்று நடந்தால் அது தெரியாத எண்ணாக இருந்தால் மட்டும் வேண்டும்.

முடிவில் யாரும் சட்டென்று வைத்துவிடுவதில்லை. "சரி, அப்புறம்", "வேற ஒண்ணும் இல்லல்ல", "சரி வச்சிடட்டா" என்று இருவரும் சேர்ந்துதான் கதவைச் சாத்துவார்கள். அதைக் கதையில் முழுதாக எழுதத் தேவையில்லை. ஆனால் அது இல்லாமல் போனால் எதிர்முனை துண்டித்துவிட்டது என்று வாசகர் எடுத்துக்கொள்வார். அதை வேண்டுமென்றே செய்யலாம்.

8. சேர்த்து எழுதியது

> ஃபோன் அடித்தபோது அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தோளுக்கும் காதுக்கும் நடுவில் அதை இடுக்கிக்கொண்டாள்.
>
> "சொல்லுடா... ம், இப்பதான் ஆச்சு. பசங்க தூங்கிட்டாங்களா?"
>
> உருவிய இலைகள் முறத்தில் விழுந்துகொண்டிருந்தன. "ம்... ம்..." இன்னொரு கொத்து. "ம்."
>
> கை நின்றது.
>
> "எது, நம்ம அப்பா வீட்டையா?"
>
> நான் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினேன்.
>
> "விலைய நான் கேக்கலடா. கை நீட்டி வாங்குறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல... என் கையெழுத்து இல்லாம பதிய மாட்டாங்கன்னு யாரு சொன்னா, பத்திரம் எழுதுறவரா?... அதான பாத்தேன். இல்லன்னா நீ எதுக்கு எனக்கு ஃபோன் பண்ணப்போற."
>
> காம்பு ஒன்றை எடுத்தாள். அதில் இலையே இல்லை. அதை விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடியும் சுற்றினாள்.
>
> "இருக்கேன்."
>
> என்னைப் பார்த்தாள். ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு, "ஒண்ணுமில்ல, நீ படி" என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்தினாள். "அதுல இவளுக்கு ஒரு வருஷ ஃபீஸ்கூட வராதேடா... சரி, கழுத்துல போட்டு அனுப்பினதையும் கணக்குல சேர்த்துக்கோ. உன்ன படிக்க வச்சதையும் பக்கத்துலயே எழுது."
>
> சட்டென்று எழுந்து நின்றாள். மடியிலிருந்த காம்பெல்லாம் தரையில் கொட்டியது. தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டாள்.
>
> "சொல்லுங்க பெரியப்பா... இருக்கோம், நல்லா இருக்கோம்... ஐயோ, நான் ஏங்க சண்டைக்கு வரப்போறேன்... சரிங்க... சரிங்க... எங்க அப்பா கட்டின வீடுங்க அது, அதுக்காகத்தான்... சரிங்க பெரியப்பா. வெள்ளிக்கிழமை இவருக்கு லீவு கிடைக்காதுங்க... நான் மட்டுமா? இவருகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."
>
> ஃபோனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து, மிச்சமிருந்த கீரையைக் காம்போடு முறத்தில் போட்டாள்.

இரண்டு இடத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். "ஒண்ணுமில்ல, நீ படி" என்பது அறையில் இருப்பவரிடம் சொல்லும் பொய். ஃபோனைப் பொத்திக்கொண்டு 'மாமா வீட்டை விக்கிறானாம்' என்று மகளுக்கு விளக்கியிருக்கலாம், அப்படி எழுதினால் வாசகருக்கு அதுவரை இருந்த வேலை போய்விடும். மறைக்கிறாள் என்றதும் விஷயம் பெரியது என்று தெரிகிறது, அதுவும் இந்தப் பிள்ளையைப் பற்றியது என்று அடுத்த வரியில் தெரிகிறது. இன்னொன்று, எழுந்து நிற்பது. ஃபோனில் பேசும் பெரியவருக்கு எழுந்து நிற்கும் தலைமுறையை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நிற்பதை முதலில் எழுதி, "பெரியப்பா" என்ற சொல்லை அதற்கப்புறம் வைத்தேன். உடம்புக்கு முதலில் தெரிகிறது, வாசகருக்கு அரை நொடி கழித்துத் தெரிகிறது. இந்த வரிசையை மாற்றினால் இரண்டாவது வெறும் விளக்கம் ஆகிவிடும்.

"விடுதலைப் பத்திரம்" என்ற சொல்லே இதில் வரவில்லை என்பதையும் கவனியுங்கள். தம்பி சொன்னான், அவளுக்குத் தெரியும், அவள் அதைத் திருப்பிச் சொல்லக் காரணம் இல்லை.

9. சோதனை

கதையைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் இந்தப் பகுதியை மட்டும் கொடுங்கள். "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். எதிர்முனையில் பேசியதை அவர்களே சொல்லட்டும், நீங்கள் இரண்டாம் படியில் எழுதிய முழு வரைவை வைத்துக்கொண்டு சரிபாருங்கள். வார்த்தை பொருந்த வேண்டாம், சாரம் பொருந்தினால் போதும். ஒருவர் தடுமாறினால் விட்டுவிடலாம். மூன்று பேர் ஒரே இடத்தில் தடுமாறினால் அந்த வரியை மாற்றுங்கள். மாற்றும்போது எதிர்முனையின் செய்தியைச் சேர்க்காதீர்கள், நம் பக்கத்து ஆளின் எதிர்ப்பைக் கூர்மையாக்குங்கள்.

இன்னொரு சோதனை தனியாகவே செய்யலாம். ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு உங்கள் பக்கத்தைச் சத்தமாகப் பேசுங்கள், இடைவெளி வரும் இடத்தில் அடித்துப்போன வரியை மனதுக்குள் முழுதாகச் சொல்லுங்கள். மனதுக்குள் சொல்லி முடிக்கும் முன்பே உங்கள் அடுத்த வரி வந்துவிட்டால், அங்கே மூன்று புள்ளி போதவில்லை. கீரையில் இன்னொரு கொத்து எடுத்த இடம் எனக்கு இப்படித்தான் கிடைத்தது.

என் காட்சியை மூன்று பேரிடம் கொடுத்தேன். மூவரும் தம்பியைச் சரியாகப் பிடித்தார்கள், வீட்டையும் பணத்தையும் பிடித்தார்கள். முதலில் எழுதியதில் "உன்ன படிக்க வச்சதையும்" என்ற வரி இல்லை, அதனால் இரண்டு பேர் நகைப் பேச்சைத் தவறவிட்டு, அவள் தன் நகையை விற்கச் சம்மதிக்கிறாள் என்று நினைத்திருந்தார்கள். அந்த ஒரு வரியைச் சேர்த்து வேறு இரண்டு பேரிடம் கொடுத்தேன். அதில் ஒரு அக்கா படித்து முடித்துவிட்டு, "அவன் என்ன சொல்லியிருப்பான்னு எனக்குத் தெரியும், என் தம்பியும் அதையேதான் சொன்னான்" என்றார், தம்பியின் வசனத்தை அப்படியே ஏற்ற இறக்கத்தோடு சொல்லியும் காட்டினார். என் வரைவில் இருந்ததைவிட அது நன்றாக இருந்தது.